8.25 சதவீதம்னு கைதட்டுறவங்களுக்கு ஒரு கேள்வி: பென்ஷன் எவ்வளவு?

தோழர்களே, இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. வீட்டுல பிஎஃப் பிடிக்கிற வேலையில யாராவது இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.

பிஎஃப் அமைப்பின் மத்திய அறங்காவலர் வாரியக் கூட்டம் முடிஞ்சதும் ஒன்றிய அரசு ஆதரவாளர்கள் ஒரே ஒரு நம்பரைத் தூக்கிட்டு வருவாங்க. 2024-25க்கு 8.25 சதவீத வட்டி! சரி, நல்ல வட்டிதான், மறுக்கல. ஆனா அந்தக் கூட்டக் குறிப்புல ஒரே அமைப்பு ரெண்டு தனித்தனி உண்டியலை நடத்துதுங்கறதை யாரும் உங்ககிட்ட சொல்றதில்லை. அந்த வட்டி முதல் உண்டியலான பிஎஃப் கணக்குக்கு மட்டும்தான். ரெண்டாவது உண்டியல் பென்ஷன் நிதி. வட்டி 8 ஆனாலும் 9 ஆனாலும் உங்க பென்ஷன் ஒரு ரூபாகூட ஏறாது.

ஏன்னா பென்ஷன் கணக்குல வட்டிக்கு இடமே இல்லை. சூத்திரம் இவ்வளவுதான்: பென்ஷனுக்கான சம்பளம் × சேவை ஆண்டுகள் ÷ 70. சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். அதுவும் 2014 செப்டம்பர்ல இருந்துதான். அதுக்கு முந்தின சேவைக்கு 6,500 ரூபாய்தான் உச்சவரம்பு.

ஒரு ஆலைத் தொழிலாளியை எடுத்துக்குவோம். 2014க்கு முன்னாடி 9 வருஷம், பின்னாடி 9 வருஷம், மொத்தம் 18 வருஷ உழைப்பு. சம்பளம் எப்பவும் வரம்புக்கு மேலதான். முதல் 9 வருஷத்துக்கு 836 ரூபாய், அடுத்த 9 வருஷத்துக்கு 1,928 ரூபாய். சேர்த்தா மாசம் 2,764 ரூபாய். இதுக்கு அகவிலைப்படி கிடையாது. 58 வயசுல வாங்குற அதே தொகையைத்தான் 75 வயசுலயும் வாங்கணும்.

இவரை விடக் குறைஞ்ச சம்பளம், குறைஞ்ச சேவை உள்ளவங்களுக்குத்தான் "குறைந்தபட்ச ஓய்வூதியம்". எவ்வளவு? 1,000 ரூபாய். 2014 செப்டம்பர்ல வெச்ச தொகை. பத்து வருஷம் தாண்டியும் அதே 1,000. விலைவாசி வருஷம் 5 சதவீதம் ஏறுதுன்னு வெச்சாலே, பத்து வருஷத்துல அந்த 1,000க்கு வாங்கும் சக்தி 614 ரூபாய்தான். சத்தமே இல்லாம வெட்டியிருக்காங்க!

வாரியத்துக்கு நுணுக்கமா கணக்குப் பார்க்கத் தெரியாதா? நல்லாவே தெரியும். 2020 செப்டம்பர் கூட்டத்தைப் பாருங்க. அறிவிச்ச வட்டி 8.5. பங்குச்சந்தை விழுந்திருந்த நேரம். அதனால 8.15ஐ கடன் பத்திர வருமானத்துல இருந்தும், மீதி 0.35ஐ இடிஎஃப் யூனிட்டுகளை டிசம்பருக்குள்ள வித்தும் கொடுக்கலாம்னு பிரிச்சு முடிவு பண்ணாங்க. 0.35 சதவீதத்துக்கு இவ்வளவு யோசிச்ச வாரியத்தோட தலைவர் யாரு? ஒன்றிய தொழிலாளர் துறை அமைச்சர். அப்போ 1,000 ரூபாயைப் பத்தி யோசிக்க மட்டும் நேரம் இல்லையா?

"நிதி தாங்காது"ன்னு சொல்லுவாங்க. நிறுவனத்தோட பங்குல இருந்து 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகுது, அதாவது மாசம் அதிகபட்சம் 1,250 ரூபாய். ஒன்றிய அரசு போடுறது 1.16 சதவீதம். 15,000 வரம்புல ஒரு தொழிலாளிக்கு மாசம் 174 ரூபாய்! நிதி தாங்கலைன்னா அரசு தன் பங்கைக் கூட்டணும். அது பட்ஜெட் முடிவு, வாரியத்து மேல பழி போட்டுத் தப்பிக்க முடியாது. 2013லேயே பாஜகவின் பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு குறைந்தபட்சம் 3,000 ரூபாய் கொடுக்கச் சொல்லுச்சு. சொன்னது அவங்க ஆளு. அடுத்த வருஷம் ஆட்சிக்கு வந்ததும் அவங்கதான். மீதி 2,000 எங்கே?

அடுத்தது புகார்கள். 2022-23ல இறுதி செட்டில்மென்ட் கேட்டு வந்த விண்ணப்பங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒண்ணு நிராகரிப்பு. பேர்ல எழுத்து மாறியிருக்கும், பிறந்த தேதி மாறியிருக்கும், வேலையை விட்ட தேதியை கம்பெனி பதிவு பண்ணியிருக்காது. நம்ம ஊர்ல இனிஷியல் தகராறு வேற: ஆதார்ல அப்பா பேர் முழுசா இருக்கும், பிஎஃப்ல ஒத்தை எழுத்து இருக்கும். தப்பு கம்பெனியோடது, அலைச்சல் தொழிலாளிக்கு. "இத்தனை புகார் வந்தது, இத்தனை முடித்தோம்"னு எழுதுறது பதில் இல்லை. நிராகரிச்சு மூடுறதும் 'முடித்தது' கணக்குலதானே சேரும்?

அதனால நம்ம கோரிக்கை மூணு. குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உடனே உயர்த்து, அதுக்கு பட்ஜெட்ல பணம் ஒதுக்கு. ஓய்வூதியத்தை விலைவாசியோட இணை. எத்தனை விண்ணப்பம், எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டதுன்னு ஒவ்வொரு கூட்டக் குறிப்புலயும் வெளியிடு.

இன்னைக்கே உங்க பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் பங்கு மாசாமாசம் ஏறுதா, பேரும் தேதியும் ஆதாரோட பொருந்துதான்னு பாருங்க. அடுத்த தடவை யாராவது 8.25னு வந்தா, பதிலுக்கு ஒரே நம்பரைக் கேளுங்க: 1,000.

#ஆயிரம்ரூபாய்_பென்ஷனா
#உழைத்தவருக்கு_நியாயம்_எங்கே