ஆப் சொல்வது ஒன்று, பேங்க் சொல்வது ஒன்று... வருமான வரித்துறைக்கு எதைச் சொல்வது?

உணவு டெலிவரி செய்பவர்களில் பலருக்கு வருஷக் கடைசியில் இந்தக் குழப்பம் வருகிறது. ஆப் தரும் ஆண்டு அறிக்கையில் இருக்கும் தொகை, வங்கியில் வந்த தொகையைவிட அதிகம். வருமான வரித்துறையின் ஏ.ஐ.எஸ். பக்கத்திலும் அந்தப் பெரிய தொகையே இருக்கும். ‘ரிட்டர்னில் ஏன் குறைவு?’ என்று மெசேஜ் வந்ததும், ‘கைக்கு வராத பணத்துக்குக் கணக்கா?’ என்று கோபப்பட்டு மறுத்துவிடாதீர்கள். முதலில் வித்தியாசத்தைப் பிரித்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஆப் அறிக்கையில் 3,12,000 ரூபாய். வங்கியில் வந்தது 2,61,400. வித்தியாசம் 50,600. இது எங்கே போனது?

பெரும்பங்கு, ‘கேஷ் ஆன் டெலிவரி’. வாடிக்கையாளர் கொடுத்த ரொக்கத்தை நிறுவனத்துக்குக் கட்டாமல் வைத்திருந்தால், அதை அந்த வாரச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். இப்படிக் கழிந்தது 38,200. இந்தச் சம்பளம் வங்கி வழியாக வரவில்லை. ரொக்கமாக ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. எனவே, இதுவும் வருமானமே.

அடுத்தது டி.டி.எஸ். 1 சதவிகிதம், அதாவது 3,120. முன்பணப் பிடித்தம் 7,000. பை, டி-ஷர்ட்டுக்கு 1,400.

மீதி, தேதியால் வருவது. மார்ச் கடைசி வாரச் சம்பளம் 6,150 இந்த ஆண்டுக் கணக்கில் ஏறிவிட்டது. பணம் வந்ததோ ஏப்ரலில். அதேபோல, போன மார்ச்சின் 5,270 இந்த ஆண்டு வங்கிக்கு வந்திருக்கிறது. முந்தையதைக் கூட்டி, பிந்தையதைக் கழித்தால் 50,600 சரியாக வந்துவிடும்.

இதற்கு ஆண்டு அறிக்கை மட்டும் போதாது. ஆப்பில் உள்ள வாராந்தர பே-அவுட் விவரங்களை டவுன்லோடு செய்து, வங்கி வரவோடு வாரம் வாரமாக ஒப்பிட வேண்டும். 26ஏ.எஸ். படிவத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு காட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

இந்த உதாரணத்தில் ஏ.ஐ.எஸ். தொகை சரிதான். ரிட்டர்னில் 2,61,400 என்று போட்டிருந்தால், கெடு முடிவதற்குள் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். பெட்ரோல், பை போன்றவை தொழில் செலவு. அவற்றைச் செலவாகக் காட்டலாம், வருமானத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முன்பணம் கடன் என்பதால், அதைத் திருப்பிக் கட்டியது செலவாகாது.

வேறு வருமானம் இல்லாதவருக்கு இந்தத் தொகைக்கு வரி வராது. பிடித்த 3,120 ரூபாயும் ரீஃபண்டாக வரும். ஆனால் வருமானத்தை மறுத்துவிட்டு டி.டி.எஸ்.ஸை மட்டும் கேட்டால், அந்த ரீஃபண்டே சிக்கிக்கொள்ளும்.

ஒருவேளை, எல்லா வாரங்களையும் பார்த்த பிறகும் கணக்கு உதைக்கிறதா? ஒரே தொகை இரண்டு முறை ஏறியிருக்கலாம். வாடிக்கையாளரின் ரொக்கத்தையே உங்கள் வருமானமாகச் சேர்த்திருக்கலாம். அப்போது நிறுவனத்திடம் திருத்தம் கேளுங்கள். ஏ.ஐ.எஸ்.ஸில் அந்தப் பதிவுக்கு மட்டும் ‘Information is not fully correct’ என்று குறிப்பிட்டு, சரியான தொகையைப் போடுங்கள். ஆதாரம், உங்கள் வாராந்தரப் பட்டியல்!