நோட்டு யார் கையில் இருக்கிறது?

ஆரணியில் கூலிக்குத் தறி ஓட்டும் நெசவாளருக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். வேலை தொடங்கும்போது முன்பணமும் தருவதுண்டு. புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கூலியில் ஒரு பகுதியைக் கடனுக்குப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். கணக்கு எழுதுபவர் அவர்தான், நோட்டும் அவரிடம்தான் இருக்கும்.

ஒரு நெசவாளர் ஐம்பதாயிரம் ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கூலியில் பிடித்ததில் கடன் கொஞ்சம் குறைகிறது. வீட்டில் ஒரு கல்யாணம் வர, மறுபடி வாங்குகிறார். சில வருஷம் கழித்துக் கூலி கூடுதலாகக் கிடைக்கும் வேறொரு முதலாளியிடம் போக நினைக்கிறார். “பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போ” என்கிறார் பழைய முதலாளி. இது கொத்தடிமைத்தனம் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: “அப்படி ஒப்பந்தம் இருந்தால் காட்டுங்கள். காட்ட முடியவில்லையென்றால் அப்படி ஒன்று இல்லை என்றுதானே அர்த்தம்?”

குற்றம் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது நல்ல விதி. அது இல்லாவிட்டால் யார் மீதும் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நிரூபிப்பதற்கான பொருள் எதிராளியின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும்போது அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால், ஏமாற்றியவர் நோட்டைக் காட்டாமல் இருந்தாலே போதும், ஜெயித்துவிடுவார். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளியோ கண்காணிப்புக் குழுவோ சொன்னால், அது அப்படிப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது என்கிறது 15-ஆவது பிரிவு.

பரீதாபாத் கல்குவாரி வழக்கில் இந்தச் சிக்கல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கட்டாய வேலை நடந்திருந்தால்கூட, முன்பணத்துக்காகத்தான் நடந்தது என்று நிரூபிக்கப்படாதவரை தொழிலாளிகளைக் கொத்தடிமைகள் என்று சொல்ல முடியாது என்று ஹரியானா அரசு வாதிட்டது. 1983 டிசம்பரில் வந்த தீர்ப்பில் நீதிபதி பகவதி இதை ஏற்கவில்லை. கட்டாய வேலை என்பது தெரிந்தால், முன்பணத்துக்காகவே அது வாங்கப்படுகிறது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்றால் முதலாளியோ அரசோ அதை மறுத்து நிரூபிக்கட்டும் என்றார்.

தொழிலாளி எதையுமே காட்ட வேண்டியதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. முன்பணம் வாங்கியது மட்டுமே அடிமைத்தனம் ஆகிவிடாது. அந்தக் கடனால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய நேர்ந்ததா, வேறு இடத்துக்குப் போக முடியாமல் போனதா என்பதைச் சொல்லியாக வேண்டும். அதை அவரால் சொல்ல முடியும், ஏனென்றால் அது அவருடைய உடம்போடு நடந்தது. நோட்டில் உள்ளதைத்தான் அவரால் சொல்ல முடியாது. இரண்டையும் ஒருவர் தலையிலேயே வைப்பதுதான் அநியாயம்.

நோட்டைக் கேட்டும் முதலாளி கொண்டுவரவில்லையென்றால்? கொண்டுவரக்கூடிய ஆதாரத்தைக் கொண்டுவராதவருக்கு அது பாதகமாகவே இருந்திருக்கும் என்று அனுமானிக்கலாம் எனப் பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவிலேயே இருந்தது. ஆக, நெசவாளரிடம் காகிதம் இல்லாததிலிருந்து எதுவும் தெரியவில்லை. முதலாளி காகிதத்தைக் காட்டாததிலிருந்து நிறையத் தெரிகிறது. இருவரும் காட்டாதது ஒரே நோட்டுதான். யாரிடம் அது இருந்திருக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

இல்லாததிலிருந்து என்ன தெரிகிறது என்ற இதே கேள்வியை மேலதிகாரிக்குப் போகும் அறிக்கையிடமும் கேட்க வேண்டும். ‘கொத்தடிமைகள்: இல்லை’ என்று ஓர் அறிக்கை வந்தால், எப்படித் தேடினார்கள் என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது. குழித்தறி இருப்பது வீட்டுக்குள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், முதலாளியின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது, “உங்களை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?” என்று கேட்டால் எந்த நெசவாளரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அடிமைத்தனம் இருந்தாலும் வரும் பதில் அது, இல்லாவிட்டாலும் வரும் பதில் அதுதான். இரண்டு நிலையிலும் ஒரே பதில் வரும் தேடலிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 1990-களில் தமிழக அரசு கொத்தடிமை முறையை மறுத்துக்கொண்டிருந்தபோது, உச்ச நீதிமன்றம் அனுப்பிய ஆணையர்கள் பத்து லட்சம் பேர் அப்படி இருப்பதாக 1995-இல் மதிப்பிட்டார்கள். அந்த எண்ணிக்கையைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் ‘இல்லை’ என்பதும் ‘பத்து லட்சம்’ என்பதும் ஒரே மாதிரித் தேடிக் கிடைத்த பதில்களாக இருந்திருக்க முடியாது.

தேடலைச் சரியாகச் செய்யவும் முடியும். நெசவாளரைத் தனியாக, தறியை விட்டு வெளியே வைத்துப் பேச வேண்டும். அடிமையா என்று கேட்கக் கூடாது. கடைசிப் பாவுக்குக் கணக்கில் எவ்வளவு கூலி, கைக்கு எவ்வளவு வந்தது, முதலில் வாங்கிய கடன் எவ்வளவு, இன்று நிற்பது எவ்வளவு, போன வருஷம் யாராவது முதலாளியை மாற்றினார்களா, மாறியபோது அந்தப் பாக்கியை யார் தீர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்தப் பதில்களை முதலாளியின் நோட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தெரு முழுக்க இப்படிக் கேட்ட பிறகும் கூலி சரியாக இருந்து, கடன் குறைந்துகொண்டே வந்து, ஆட்கள் தடையில்லாமல் முதலாளி மாறியிருந்தால், அந்தத் தெருவில் கொத்தடிமை இல்லை என்று அதிகாரி எழுதலாம். நானும் நம்புவேன்.