டிக் போட்ட நோட்டு

டாரோ சீட்டுப் பழக்கம் போலகம் வரைக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனது 1954இல். அவர்கள் நாட்டில் இன்றைக்கும் டாரோவை நாலு பேர் உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டமாக ஆடுகிறார்கள். நமக்கு அது செல்போன் வழியாகக் குறிசொல்லும் சீட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே ஓர் உபதேசமும் வந்தது: 'தினம் எழுதி வையுங்கள், மூணு மாசத்தில் உங்கள் துல்லியம் தெரியும்.'

இந்த உபதேசத்தோடுதான் எனக்குச் சண்டை. எழுதி வைப்பது நல்ல காரியம். ஆனால் இவர்கள் சொல்லித்தரும் விதத்தில் எழுதினால் எந்தத் துல்லியமும் தெரியாது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி தன் நோட்டைக் காட்டினாள். 90 நாள், காலையில் ஒரு சீட்டு. "அண்ணே, இந்த ஒன்பது வாள் சீட்டு நாலு தடவ வந்திருக்கு. சும்மாவா வரும்?" என்றாள். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் உருவம் உள்ள சீட்டு அது. பயந்துபோயிருந்தாள்.

சும்மாதான் வரும். கட்டில் 78 சீட்டு. தினம் ஒன்று எடுத்து, திரும்பப் போட்டுக் கலைத்தால், 90 நாளில் ஒரு சீட்டுக்குச் சராசரியாக ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல். ஆனால் சராசரி எல்லாச் சீட்டுக்கும் சமமாகப் பங்கு வைக்காது. கணக்குப் போட்டால், சுமார் 24 சீட்டுகள் தலையே காட்டாது. இரண்டு சீட்டாவது நாலு தடவையோ அதற்கு மேலோ வரும் என்று எதிர்பார்க்கலாம். அவள் நோட்டில் அப்படி ஒன்றுமே இல்லாதிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். வராத சீட்டுகளை அவள் எண்ணவே இல்லை. யாரும் எண்ணுவதில்லை.

திரும்பத் திரும்ப வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கலைப்பு. ஆளுக்கு ஆள் கை பழகிய விதத்தில் நாலு தடவை அள்ளிப் போட்டுவிட்டு எடுக்கிறோம். 52 சீட்டுக் கட்டையே இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கோத்துக் கலைத்தால் ஏழு தடவை வேண்டும் என்று கணிதக்காரர்கள் 1992இல் காட்டினார்கள். அள்ளிப் போடுவது அதைவிடப் பல மடங்கு மந்தம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மூணு சீட்டு விரிப்பில் அதே ஜோடி பக்கத்துப் பக்கத்தில் திரும்ப வந்தால், பேசுவது விதியில்லை, சோம்பல் கை.

இனி அந்த டிக். அவள் எழுதியிருந்த வரிகளில் ஒன்று: 'ஒரு பெரிய மாற்றம் வருகிறது.' பக்கத்தில் டிக். என்னம்மா மாற்றம் என்றால், பத்தொன்பது நாள் கழித்து அவள் மாமா வீடு மாறினாராம். தேதி வைக்காத வாக்கு எப்படியும் ஒருநாள் பலித்துத் தொலைக்கும். பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்கிறது நமக்கு. 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதம் சொன்னது. கோயிலோ வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் என்றது. இரண்டு கணக்கையும் பையில் வைத்திருக்கிறவனுக்கு எந்த மாதம் வந்த கஷ்டமும் சனியின் கஷ்டம்தான்.

அதனால் நோட்டில் வரவேண்டிய வரி இப்படி: 'வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அண்ணன் போன் பண்ணுவான், ஆம் அல்லது இல்லை.' மூன்றாம் மனிதர் படித்தாலும் ஆமா, இல்லையா என்று சொல்லத் தக்கதாக இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை வந்ததும் டிக்கோ பெருக்கலோ போட்டுவிட வேண்டும். தள்ளிப்போடக் கூடாது.

அது மட்டும் போதாது. இந்த உபதேசக்காரர்கள் ஒருவரும் சொல்லாதது இது: சீட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே, சீட்டில்லாமல் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். அண்ணன் வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிறவன் என்றால், 'கூப்பிடுவான்' என்பதற்குச் சீட்டு எதற்கு? ஐப்பசி மாசம் நம்ம ஊரில் 'மழை வரும்' என்று சொல்ல யாருக்கும் ஞானம் வேண்டாம். அந்தப் பக்கத்துக் கட்டம் இல்லாத நோட்டில் எண்பது சதவீதம் பலித்தது என்று எழுதியிருந்தாலும் அதற்கு அர்த்தமில்லை.

30 கேள்விக்குப் பிறகு இரண்டு கட்டங்களையும் கூட்டுங்கள். சீட்டுக்கு 19, வெறும் ஊகத்துக்கு 17 என்று வந்தால் துள்ளாதீர்கள். காசைச் சுண்டிவிட்டாலே 30க்கு பத்திலிருந்து இருபது வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இரண்டு மார்க் வித்தியாசம் வெறும் ஆட்டம். பல மாசம் எழுதி, நூறு நூறாகக் கேள்வி சேர்ந்து, அப்போதும் சீட்டுக் கட்டம் முந்தி நின்றால், என்னிடம் வாருங்கள். நான் எதிர்பார்ப்பது இரண்டும் ஒன்றாகவே நிற்கும் என்று.

'இது கணக்குக்கு அடங்காது, மனசைப் பார்க்கிற கண்ணாடி' என்பார்கள். சரி, கண்ணாடி என்றே வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்தச் சீட்டு வந்தாலும் அவள் கல்யாணப் பேச்சையே எழுதியிருக்கிறாள். அது பார்க்கத் தக்க விஷயம்தான், சீட்டைப் பற்றியதல்ல. ஆனால் கண்ணாடி என்று சொல்லிவிட்டு அதே வாயால் துல்லியம் என்று காசு வாங்கக் கூடாது.

அவளுக்கு நான் ஒரு பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, கேள்வி, கெடு, என் ஊகம், சீட்டு, சீட்டின் ஊகம், நடந்தது. கடைசிக் கட்டத்தை அவள் நிரப்பக் கூடாது. சீட்டு என்ன சொன்னது என்று தெரியாத அவள் தங்கைதான் நிரப்புவாள். "அவ எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுடுவாண்ணே" என்றாள்.