பிள்ளைகளின் பெயரைப் போடலாமா?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 61. மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவரை இழந்த ஈப்போ அம்மையார் ஒருவரை மணக்கவிருக்கிறார். உறவினர்களுக்கு அனுப்ப ஓர் அறிவிப்பு எழுதி, திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார். "எங்கள் அன்புப் பிள்ளைகளின் நல்லாசியுடன்" என்று தொடங்குகிறது. கீழே, அழைப்பவர்களாக இரு தரப்புப் பிள்ளைகள் மூவரின் பெயர்கள்.

இரண்டு மகள்களுக்கும் சம்மதம். மகன் மட்டும், "நான் வர்றேன்ப்பா. ஆனா என் பேரைப் போடாதீங்க" என்றாராம்.

ஐயா, அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் மரண அறிவிப்பில் அச்சான பெயர் அது. அதே பெயர் இங்கே அழைப்பவராக நிற்பது அவருக்குக் கனக்கிறது. அவர் பெயரை மட்டும் நீக்கினால், "மகன் எங்கே?" என்று ஊர் கேட்கும். ஆகவே மூவர் பெயரையும் எடுத்துவிடுங்கள். ஆசி பெரியவர்கள் தருவது, பிள்ளைகளிடம் கேட்பதல்ல. நீங்கள் இருவருமே அறிவியுங்கள்.

அம்மையாரை "அமரர் இன்னாரின் துணைவியார்" என்று குறித்திருக்கிறீர்கள். அடையாள அட்டையில் உள்ள அவருடைய பெயரே போதும். "புதுவாழ்வு" என்ற சொல்லும் வேண்டாம். பழைய வாழ்வைக் கழித்துவிட்டதாகப் பிள்ளைகளின் காதில் விழும்.

இப்படி எழுதலாம்:

"அன்புடையீர், வணக்கம். கிள்ளான் (பெயர்), ஈப்போ (பெயர்) ஆகிய நாங்கள் இருவரும் வரும் (தேதி) அன்று தேசியப் பதிவிலாகாவில் திருமணப் பதிவு செய்துகொள்கிறோம். எங்கள் துணைவர்கள் மறைந்தபோது உடனிருந்த உங்களுக்கு இதை நாங்களே தெரிவிக்க விரும்பினோம். அன்றிரவு 7.30 மணிக்கு (இடம்) விருந்து. உங்கள் வருகையே போதும், அன்பளிப்பு வேண்டாம்."

மறைந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். சுப அறிவிப்பில் "அமரர்" என்று பெயரோடு போட்டால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் மறைந்த மனைவியின் உடன்பிறந்தார் வருந்துவார்கள்.

அவர்களுக்கு அறிவிப்பு மட்டும் போகக்கூடாது. பதிவுக்கு விண்ணப்பித்தால், இருவர் பெயரும் அலுவலகத்தில் 21 நாள் அறிவிப்பாக இருக்கும். யாராவது பார்த்துச் சொல்வதற்குள், விண்ணப்பிக்கும் முன்பே மைத்துனரை நேரில் பாருங்கள். அங்கே மனைவியின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். அம்மையாரும் தம் கணவர் வீட்டாரிடம் அப்படியே செய்யட்டும். குடும்பப் புலனக் குழுவில் போடுவது கடைசி வேலை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மகனிடம் ஒருமுறை காட்டுங்கள். கையொப்பம் கேட்காதீர்கள். "உறுத்துற சொல் ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் ஒரு சொல்லை அடித்தால் அதை அடித்தபடியே விட்டுவிடுங்கள்.