ராமானுஜனும் தோற்றார் என்று சொல்வதற்கு முன்

பொதுத் தேர்வு நெருங்கும் ஜனவரி, பிப்ரவரியில் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் பள்ளிகளில் பிளஸ் டூ மாணவர்களைத் திரட்டி உட்காரவைத்துத் தன்னம்பிக்கைப் பேச்சு நடத்துகிறார்கள். பேசுபவர் மாறினாலும் பேச்சு பெரிதாக மாறுவதில்லை. பெரிய மனிதர்கள் எல்லாருமே தோற்றவர்கள்தான், நீ தோற்றால் காரணம் உன் நம்பிக்கைக் குறைவு, விழுந்தால் மறுபடியும் எழு, மதிப்பெண் மட்டும் வாழ்க்கை இல்லை. பேசுபவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த நான்கும், சொல்லப்படும் விதத்தில், ஃபெயிலான பிள்ளைக்கு உதவுவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பெரிய மனிதர்கள். மேடையில் அதிகம் அடிபடும் பெயர் ராமானுஜன். அவர் தேர்வில் தோற்றது உண்மை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906-இல் எஃப்.ஏ. தேர்வு எழுதித் தோற்றார். 1907-இல் மறுபடி எழுதினார், மறுபடி தோற்றார். கணிதத்தில் குறையில்லை. உடலியல் போன்ற பாடங்கள்தான் இரண்டு முறையும் காலை வாரின. இரண்டு முறையும் அவர் படித்த விதம் ஒன்றே, விளைவும் ஒன்றே. எஃப்.ஏ.வை அவர் கடைசிவரை தேறவில்லை.

அவரைக் கரையேற்றியது இன்னொரு முயற்சி அல்ல, மனிதர்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் பாதையில் வடக்கே போனால் வரும் நெல்லூரில் அப்போது கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுத் தன் கைக்காசைக் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்காக விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. ஆகவே இந்தக் கதை விடாமுயற்சியின் கதை இல்லை. ஒரே மாதிரி திரும்ப எழுதினால் ஒரே மாதிரிதான் முடியும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதன் கதை. இதையே மாணவர்களிடம் சொன்னால் என்ன?

அடுத்த பெயர் ஐன்ஸ்டைன். அவர் கணக்கில் ஃபெயிலானார் என்று சொல்வது தவறு. 1895-இல், வழக்கமான வயதுக்கு இரண்டாண்டு முன்பே, சூரிச் பாலிடெக்னிக்கின் நுழைவுத் தேர்வை எழுதினார். கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகச் செய்தார், மற்ற பாடங்களில் போதவில்லை. அதே தேர்வை அடுத்த மாதமே போய் எழுதவில்லை. ஆராவ் என்ற ஊரிலுள்ள பள்ளியில் ஓராண்டு உட்கார்ந்து குறைந்த பாடங்களைப் படித்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறி, 1896-இல் உள்ளே போனார். மறுமுயற்சிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மேடையில் மட்டும் இது வேறு கதையாகிவிடுகிறது. கலாம் விமானப் படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரோடு இடம் முடிந்துபோன கதையும் அப்படியே. அப்போது அவர் கையில் பொறியியல் படிப்பு இருந்தது. அந்தத் தேர்வுக்கு டேராடூன் போவதற்கு முன்பே டெல்லியில் வேறொரு நேர்காணலையும் முடித்திருந்தார், அந்த வேலைதான் கிடைத்தது. இரண்டாவது வழியை முன்கூட்டியே திறந்து வைத்திருந்ததை யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது கூற்று, தோல்விக்குக் காரணம் நம்பிக்கைக் குறைவு என்பது. இதில்தான் நான் அதிகம் முரண்படுகிறேன். பிளஸ் டூவில் ஃபெயில் என்பது பெரும்பாலும் ஒரு பாடத்தின் ஒரு பகுதியில் நடந்த விபத்து. அதை எண்ணிப் பார்க்க முடியும், கண்டுபிடிக்க முடியும்.

கற்பனையாக ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். வேதியியலில் பிராக்டிகல் 18, இன்டர்னல் 10, எழுத்துத் தேர்வு 12. மொத்தம் 40. தேர்ச்சிக்கு 35 போதும் என்று நினைத்திருந்தவன் மார்க் பட்டியலைப் பார்த்து மிரண்டுபோகிறான். 40 எடுத்தும் ஃபெயில். காரணம், பிராக்டிகல் உள்ள பாடத்தில் மொத்தம் 35 வந்தால் மட்டும் போதாது, 70-க்கு நடக்கும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 தனியாக எடுத்தாக வேண்டும். அவனுக்கு 3 மார்க் குறைந்துவிட்டது. அவனிடம் போய் நம்பிக்கையை வளர்த்துக்கொள் என்றால், தன் குணத்திலேயே ஏதோ கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்வான். மூன்று மார்க் எங்கே போனது என்று காட்டினால் பேனாவை எடுப்பான்.

எங்கே போனது என்பதை விடைத்தாளே சொல்லும். ஒரு பாடத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டினால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் விடைத்தாள் நகலைத் தரும். மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்காகத்தான் இதைப் பலரும் வாங்குகிறார்கள். ஃபெயிலான பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பயன் வேறு. வேதியியல் தாளில் ஒன் மார்க் 15, இரண்டு மார்க்கில் 6, மூன்று மார்க்கில் 6, ஐந்து மார்க்கில் 5, ஆக 70. நகலை வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகக் கூட்டிப் பாருங்கள். நம் மாணவன் ஒன் மார்க்கில் 5, ஐந்து மார்க் கேள்விகளில் பக்கம் பக்கமாக எழுதி 4, நடுவிலுள்ள இரண்டு பகுதிகளிலும் சேர்த்து 3 எடுத்திருக்கிறான் என்று வையுங்கள். நேரம் எங்கே கரைந்தது என்பது உடனே தெரிகிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் வேறு ஓட்டைகளும் தெரியும். ஒன் மார்க்கில் விடையின் எழுத்தையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். எழுத்து ஒன்றும் விடை வேறொன்றுமாக இருந்தால் மார்க் இல்லை. இரண்டு மார்க் பகுதியிலும் மூன்று மார்க் பகுதியிலும் கடைசிக் கேள்வி கட்டாயக் கேள்வி. அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதினால் அந்த இடம் காலிதான்.

ஒன் மார்க் பதினைந்தும் சேர்ந்தாலே எழுத்துத் தேர்வின் குறைந்தபட்சம் வந்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி பாடத்தின் இறுதியில் உள்ள புக் பேக் கேள்விகளிலிருந்தோ அவற்றை ஒட்டியோ வருகிறது. ஆகவே மறுமுயற்சியின் முதல் வேலை 15 பாடங்களின் புக் பேக் ஒன் மார்க்கை எழுதிப் பார்ப்பது. வாசிப்பது போதாது. அதன் பிறகு, தனக்கு ஓரளவு புரிந்த நாலைந்து பாடங்களில் மட்டும் இரண்டு, மூன்று மார்க் கேள்விகள். 15-ஐக் குறி வைத்தால் ஒரு கேள்வி தவறினாலும் மறுபடி விழ வேண்டியிருக்கும், 25-ஐக் குறி வைக்க வேண்டும். பிராக்டிகலும் இன்டர்னலும் ஏற்கெனவே எடுத்தது எடுத்தபடியே நிற்கும், தேறிய ஐந்து பாடங்களும் அப்படியே. பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்துத்தான் பல பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். அப்படி ஒரு நிலைமையே இல்லை.

மூன்றாவது, விழுந்தால் எழு. எப்போது எழுவது என்ற தேதியை யாரும் சொல்வதில்லை. 2025-இல் பிளஸ் டூ முடிவு மே 8-ஆம் தேதி வந்தது. தேர்ச்சி 95.03 சதவீதம் என்று எல்லாரும் கொண்டாடினோம். மீதியுள்ளவர்கள் மாநிலம் முழுக்கச் சுமார் 39 ஆயிரம் பேர். அவர்களுக்கான துணைத் தேர்வு ஜூன் 25-இல் தொடங்கியது. இடையில் ஏழு வாரம்கூட முழுதாக இல்லை. விண்ணப்பிக்க அதற்குள்ளும் குறுகிய காலமே. தவறினால் தக்கலில் கூடுதல் கட்டணம், அதுவும் தவறினால் அந்த வாய்ப்பே போய்விடும். அதில் மே மாதம் பள்ளி விடுமுறை. பிப்ரவரியில் கைதட்டிய மாணவன் மே மாதத்தில் தனியாக இருக்கிறான்.

கும்மிடிப்பூண்டியில் அந்தத் தனிமைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. சிப்காட் வாசலில் எந்த நாளும் ஆள் தேவை. ரோலிங் மில், வார்ப்பாலை, பேக்கிங் என்று காண்ட்ராக்டரிடம் சேர்ந்தால் அடுத்த மாதமே கையில் பணம் வரும். அந்தப் பணம் வீட்டுக்கு வேண்டியிருக்கிறது என்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஷிப்டு முடிந்து வந்தவன் ஜூன் மாதத்தில் புத்தகத்தைத் தொடுவது கடினம். தேர்வு நாளில் லீவு கேட்டால் அன்றைய கூலி போகும். பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். பதினெட்டு நிறையாதவரை அபாயகரமான தொழில்களில் வேலைக்கு வைக்கச் சட்டம் தடை விதிக்கிறது என்பதும் அந்தப் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். வீட்டில் பேச வேண்டியது ஒன்றுதான்: ஜூன் கடைசிவரை பொறுப்போமா? ஏழு வாரக் கூலியை ஒரு பக்கமும் சான்றிதழை ஒரு பக்கமும் வைத்துப் பேசினால் அப்பா அம்மா கேட்பார்கள். பொத்தாம்பொதுவாக விடாமுயற்சி என்றால் கேட்கமாட்டார்கள்.

இந்தத் துணைத் தேர்வு வந்ததற்கே ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பாடத்தில் விழுந்தவர் பல மாதங்கள் காத்திருந்து ஓராண்டையே இழந்த காலம் இருந்தது. முடிவு வந்த சில வாரங்களிலேயே மறுதேர்வு வைத்தால் தற்கொலைகள் குறையும் என்று வாதாடியவர்களில் சினேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் முக்கியமானவர். 2000-களின் தொடக்கத்தில் தமிழக அரசு அதை ஏற்றது. ஒரு தேதியை முன்னால் நகர்த்தியது உயிர்களைக் காக்கும் வேலை. முடிவு வரும் வாரத்தில் பிள்ளை பேசாமல் ஒதுங்கினால், சாப்பாட்டைத் தவிர்த்தால், தனியே விடாதீர்கள். 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள், இரவானாலும் பரவாயில்லை.

நான்காவது கூற்று, மதிப்பெண் வாழ்க்கை இல்லை. சரிதான், ஆனால் சான்றிதழுக்கு இங்கே விலை இருக்கிறது. பிளஸ் டூ தேறியவர் பாடப்பிரிவுக்கு ஏற்ப டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தேறாதவர் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து முதலாம் ஆண்டில் சேரலாம், அல்லது ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு அங்கிருந்து டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். எல்லாக் கதவும் மூடவில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் எத்தனை ஆண்டு என்ற கணக்கு வேறு. அதை மாணவனிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களில் இதைத்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பேச்சாளரை அழைக்கும் தலைமை ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: பிப்ரவரிக் கூட்டத்தை, முடிவு வந்து விண்ணப்பங்கள் தொடங்கும் நாளுக்கு மாற்றுங்கள். மேடை வேண்டாம், ஒரு வகுப்பறையும் இணையமும் போதும். ஃபெயிலானவர்களையும் அவர்கள் பெற்றோரையும் மட்டும் வரச் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். பாட ஆசிரியர் ஒருவர் மார்க் பட்டியலை எடுத்து எழுத்துத் தேர்வு, பிராக்டிகல், இன்டர்னல் என்று பிரித்து எத்தனை மார்க் குறைந்தது என்று காகிதத்தில் எழுதித் தரட்டும். துணைத் தேர்வு விண்ணப்பத்தையும் விடைத்தாள் நகலுக்கான விண்ணப்பத்தையும் அங்கேயே போட்டுவிட்டு அனுப்புங்கள். கட்டணம் கட்ட முடியாதவருக்கு, பேச்சாளருக்குத் தருவதாக இருந்த தொகையிலிருந்து கட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகளுக்கு ஒருமுறை போன் செய்து, புக் பேக் எத்தனை பாடம் முடிந்தது என்று கேளுங்கள்.