தேதி தெரியாத பேச்சு

இது கொஞ்சம் நீளமான பதிவு. செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் மணிமங்கலம் திரும்புகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்து முடித்துவிடலாம்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர் அமெரிக்க இரவு நேர டாக் ஷோக்களிலிருந்து வெட்டிய வீடியோக்களை எனக்கு அனுப்புகிறார்கள். "சார், நம்ம தமிழ்ல ஏன் இப்படி ஒண்ணு இல்ல?" என்று ஒருவன் கேட்டான். "இருந்துச்சே, காபி வித் டிடி" என்று இன்னொருவன் பதில் போட்டான். என்னைக் கேட்டால், தமிழில் அது இருந்ததே இல்லை. இருந்தது அதில் பாதிதான். விடுபட்ட பாதி எது, அது விடுபட்டதால் நமக்கு என்ன நஷ்டம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் அந்த நிகழ்ச்சி எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்போம். அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி 1954 செப்டம்பரில் 'டுநைட் ஷோ'வைத் தொடங்கியது. 1962 முதல் 1992 வரை முப்பது வருஷம் அதை நடத்தியவர் ஜானி கார்சன். இன்று நீங்கள் பார்க்கிற அத்தனை ஷோக்களும் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒளிபரப்பு இரவு பதினொன்றரைக்கு. ஆனால் பதிவு நடந்தது அன்று மாலையிலேயே, முன்னால் நிஜமான ஜனங்களை உட்கார வைத்து. இந்த "அன்று மாலை" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இசை முழங்கும். துணை அறிவிப்பாளர் எட் மக்மஹன் பெயரை நீட்டி முழக்கிக் கூப்பிடுவார். திரையை விலக்கிக்கொண்டு கார்சன் வந்து, நின்றபடியே சில நிமிடம் தனியாகப் பேசுவார். அதுதான் மோனோலாக். அன்றைய செய்தித்தாளில் வந்ததை வைத்து எழுத்தாளர்கள் பகலில் எழுதிக் கொடுத்த நகைச்சுவைகள் அவை. ஜனாதிபதி, விலைவாசி, பெட்ரோல், மழை எல்லாம் வரும். இரண்டு கட்சியையும் கிண்டல் செய்வார். தான் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பார்.

அந்தச் சில நிமிடத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு சம்பவம். 1973 டிசம்பரில், அரசு அலுவலகங்களுக்கு டாய்லெட் பேப்பர் கிடைப்பது கஷ்டமாகலாம் என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினர் சொல்லியிருந்தார். கார்சன் அதை எடுத்து, நாட்டில் டாய்லெட் பேப்பருக்கே பஞ்சம் என்று ஒரு ஜோக் அடித்தார். மறுநாள் ஜனங்கள் கடைகளுக்கு ஓடி அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இல்லாத பஞ்சம் நிஜப் பஞ்சமாகிவிட்டது. பிறகு அவரே திரையில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

மோனோலாக் முடிந்ததும் மேஜைக்குப் போய் உட்காருவார். இந்த மேஜை அலங்காரத்துக்கு இல்லை. விருந்தாளிக்கு முன்னால் மேஜை கிடையாது, நாற்காலியும் சோபாவும்தான். மேஜை இருப்பவர் வீட்டுக்காரர், இல்லாதவர் வந்தவர் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். வகுப்பறையில் நாற்பது வருஷம் மேஜைக்குப் பின்னால் நின்றவனுக்கு இது நன்றாகவே புரியும். அதோடு, கேள்வி எழுதிய அட்டைகள் அந்த மேஜைமேல்தான் இருக்கும்.

அந்தக் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன? நிகழ்ச்சியின் ஆள் ஒருவர் விருந்தாளியிடம் முன்கூட்டியே நீண்ட நேரம் பேசி, சுவாரசியமான இரண்டு மூன்று கதைகளைப் பொறுக்கி, அந்தக் கதைக்குக் கதவைத் திறக்கிற மாதிரி ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பார். "நீங்க வீட்ல ஆடு வளக்கிறீங்களாமே?" என்று ஒரு நடிகரிடம் திடீரென்று கேட்டால், ஆட்டுக் கதை ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். யாருக்கும் தானாகத் தோன்றாத கேள்வி என்றால் அது அட்டையில் இருந்து வந்தது.

விருந்தாளிகளின் வரிசைக்கும் கணக்கு உண்டு. பெரிய நட்சத்திரம் முதலில். நேரம் ஆக ஆகப் பார்ப்பவர்கள் தூங்கப் போய்விடுவார்கள் அல்லவா? கடைசியில் ஒரு புது நகைச்சுவைக் கலைஞர் நின்றபடி தன் சரக்கைச் சொல்வார். நன்றாக இருந்தால் கார்சன் கையசைத்து சோபாவுக்குக் கூப்பிடுவார். அந்த ஒரு கையசைப்பில் பலருடைய வாழ்க்கை மாறியிருக்கிறது. பெரிய விருந்தாளிகள் சம்பளத்துக்காக வருவதில்லை. அவர்களிடம் விற்க ஒரு படமோ புத்தகமோ இருக்கும்.

மிச்சம் இருப்பது பேண்ட். டாக் செவரின்சன் தலைமையில் ஒரு முழு இசைக்குழு அங்கேயே உட்கார்ந்திருக்கும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு விளம்பரம் ஓடும் நேரத்தில், அரங்கில் இருப்பவர்களுக்கு இவர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். கூட்டத்தின் சூடு ஆறிவிட்டால் அடுத்த ஜோக்குக்குச் சிரிப்பு வராது. சில சமயம் மோனோலாக்கே படுத்துவிடும். அப்போது பேண்ட் ஒரு பழைய மெட்டை மெதுவாக எடுக்க, கார்சன் அதற்கு இரண்டு காலடி நடனம் ஆடுவார். செத்த ஜோக்கை விட அதற்குச் சிரிப்பு அதிகம்.

இதைப் படிக்கும்போது என் வயதுக்காரர்களுக்கு வில்லுப்பாட்டு நினைவுக்கு வந்திருக்கும். சுப்பு ஆறுமுகம் ஐயா நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். பக்கத்தில் ஒருவர் "ஆமா" போடுவார். குடமும் உடுக்கையும் அவர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்பும். அந்த ஆமா போடுகிறவர்தான் எட் மக்மஹன், குடமும் உடுக்கையும்தான் டாக்கின் பேண்ட். புராணக் கதையின் நடுவே ரேஷன் கடையும் தேர்தலும் வந்து போகும். ஆக, இந்த வடிவம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நிகழ்ச்சி இந்த வகையா இல்லையா என்று சோதிக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இதை ஒரு மாதம் கழித்துப் போட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா? 2023 மே 2ஆம் தேதி அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எடுத்து வைத்த சரக்கு இருந்ததால் படங்களும் தொடர்களும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன. இரவு ஷோக்கள் மட்டும் உடனே பழைய பதிவுகளுக்குப் போய்விட்டன. திரும்ப வந்தது அக்டோபரில்தான். தினம் அரைத்து அன்றே ஊற்றுகிற மாவு அது, சேமித்து வைக்க முடியாது.

இந்தச் சோதனையில் நம்மவர்கள் எப்படி? விஜய் டிவியில் அனு ஹாசன் நடத்திய 'காபி வித் அனு', பிறகு திவ்யதர்ஷினியின் 'காபி வித் டிடி' இரண்டும் கலகலப்பானவை, நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அவை சோபாவிலிருந்தே தொடங்குகின்றன. நட்சத்திரம் வருகிறார், படத்தைப் பற்றியும் தன்னைப் பற்றியும் பேசுகிறார், போகிறார். அடுத்த மாதம் போட்டாலும் கெடாது. இந்தியில் கபில் சர்மாவுக்கு ஆட்டம், பாட்டு, பெரிய நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஒரு ஆள் என்று நிறைய உண்டு. ஆனால் அதுவும் முன்கூட்டிப் பதிவு செய்து வார இறுதியில் போடுவது.

முழு வடிவத்தையும் இந்தியாவில் செய்து காட்டியவர் சேகர் சுமன். சோனியில் 1997இல் தொடங்கிய 'மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்' நிகழ்ச்சியில் நின்று பேசும் மோனோலாக், இசைக்குழு, விருந்தாளி எல்லாம் இருந்தன. வாஜ்பாய் பதவியில் இருக்கும்போதே அவர் மாதிரி இடைவெளி விட்டுப் பேசிக் காட்டுவார். நான்கு வருஷம் போல ஓடியது. இந்தி அரைகுறையாகப் புரிகிற எனக்கே சிரிப்பு வந்தது.

அப்படியானால் தமிழில் ஏன் இல்லை? எழுத்தாளர் கிடைக்காததால் இல்லை. பட்டிமன்றத்தில் நடுவர் பேசும் முன்னுரையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நம் ஆட்களுக்கு நையாண்டி கைவந்த கலை. காரணம் சேனல்கள் என்றே நான் நினைக்கிறேன். கலைஞர் டிவி, ஜெயா டிவி, கேப்டன் டிவி, மக்கள் டிவி என்று பெயரைச் சொன்னாலே எந்தக் கட்சி என்று குழந்தைக்கும் தெரியும். அங்கே நின்று மோனோலாக் பேசுகிறவர் எதிர்க்கட்சியை மட்டும்தான் கிண்டல் செய்ய முடியும். ஒரு பக்கத்தை மட்டும் தினமும் கிண்டல் செய்தால் அதற்குப் பெயர் மேடைப் பிரச்சாரம். கட்சி சாராத சேனலுக்கோ வேறு பயம். எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனை 1987இல் நம் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியதே!

அந்த விகடன்தான் இப்போது யூடியூபில் 'இம்பர்ஃபெக்ட் ஷோ' நடத்துகிறது. மேஜை உண்டு, அன்றைய செய்தி உண்டு, நையாண்டி உண்டு. சிரிக்க எதிரே கூட்டம் இல்லை, பேண்ட் இல்லை, சோபாவில் நட்சத்திரமும் இல்லை. அதாவது சோபா டிவியில் தங்கிவிட்டது, மோனோலாக் போனுக்குப் போய்விட்டது.

இரண்டும் எங்கேயோ இருக்கின்றன அல்லவா, பிறகு என்ன என்று கேட்பீர்கள். அந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நடிகரைப் பார்க்க வந்தவன் முதலில் மோனோலாக்கைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அரசியல் பிடிக்காதவன், செய்தியே பார்க்காதவன், பன்னிரண்டு மணிக்கு யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு உட்காருகிறவன், இவர்கள் எல்லோரும் நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கும் சில நிமிடத்தில் ஊர் நடப்பைச் சிரித்துக்கொண்டே தெரிந்துகொள்கிறார்கள். பிரித்துவிட்டால், செய்தியில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவன் மட்டும் இம்பர்ஃபெக்ட் ஷோ பார்ப்பான். மற்றவனுக்கு சோபா மட்டும்தான்.

அமெரிக்காவிலேயே இந்தக் கட்டு இப்போது அவிழ்கிறது. ஸ்டீபன் கோல்பேர் நடத்திவந்த 'லேட் ஷோ'வை 2026 மே மாதத்தோடு நிறுத்துவதாக சி.பி.எஸ். 2025 ஜூலையில் அறிவித்தது. பணக் காரணம் என்றார்கள். அரசியல் காரணம் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். எது உண்மையானாலும், பதினொன்றரை வரை விழித்திருந்து முழு ஷோவையும் பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மறுநாள் காலை மோனோலாக் தனித் துண்டு, நடிகர் தனித் துண்டு என்று போனுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் எனக்கு இதுவரை அனுப்பியவற்றை எண்ணிப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது சோபாத் துண்டுகள், இரண்டுதான் மோனோலாக்.