‘ஒரு பைசா போட வேண்டாம்’ சோலார்: மாரியூர் வீட்டுக்கு நான் போட்ட கணக்கு

போன மாசம் ஒரு தம்பி எனக்கு 14 பக்க அக்ரிமென்ட் ஒன்றை அனுப்பியிருந்தார். சென்னையில் வேலை, அப்பா அம்மா மட்டும் மாரியூரில் இருக்காங்க. ஒரு கம்பெனி அவங்க மாடியில் 3 கிலோவாட் சோலாரைத் தன் செலவிலேயே போட்டுத் தரும். கரன்ட் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4.50 ரூபாய் கட்டணும். வருஷத்துக்கு 3% ஏறும். 25 வருஷ ஒப்பந்தம். “அண்ணா, அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லலாமா?” இதுதான் அவர் கேள்வி.

இந்த மாடலுக்கு ரெஸ்கோன்னு பேர். பேனல் கம்பெனியுடையது, மாடி உங்களுடையது. நிறைய பேர் இதை ஏமாத்து வேலைன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. பிரதமர் சூர்ய கர் திட்டத்திலேயே இதுக்கு விதிமுறை இருக்கு. ஆனா நம்ம ஊர் வீட்டுக்கு இது பொருந்துமான்னு பார்க்க, முதல்ல EB பில்லை எடுத்து வச்சுக்கணும்.

தம்பி வீட்டில் ஏசி ஓடுறதால ரெண்டு மாசத்துக்கு சுமார் 700 யூனிட். இப்போதைய கட்டணத்தில் பில் 3,825 ரூபாய் வரும். முதல் 100 இலவசம், 400 வரை 4.70, அடுத்த நூறுக்கு 6.30, அடுத்த நூறுக்கு 8.40, கடைசி நூறுக்கு 9.45. கடைசி யூனிட்டுகள்தான் விலை கூடினவை. சோலார் முதல்ல வெட்டுறதும் அந்த மேல் அடுக்கைத்தான். கீழே இறங்க இறங்க லாபம் குறையும். கடைசி 100 யூனிட்டை வெட்டினா லாபம் பூஜ்யம், ஏன்னா அதை அரசு எப்படியும் இலவசமா தருது.

கம்பெனி சொன்ன 3 கிலோவாட்டை எடுத்துப்போம். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்னு வச்சா, ரெண்டு மாசத்துக்கு 720 யூனிட். EB பில் கிட்டத்தட்ட பூஜ்யம். சந்தோஷம். ஆனா கம்பெனிக்கு 720 × 4.50 = 3,240 கட்டணும். மிச்சம் 585 ரூபாய்தான். இலவசமா கிடைச்சிருக்க வேண்டிய 100 யூனிட்டுக்கும் இப்போ 450 ரூபாய் கொடுக்கிறோம். வீட்டைப் பூட்டிட்டு ஒரு மாசம் மகன் வீட்டுக்கு வந்தாலும், உற்பத்தியான யூனிட்டுக்குப் பணம் கட்டியாகணும்.

இப்போ 2 கிலோவாட் மட்டும் போட்டா? 480 யூனிட் உற்பத்தி. EB-க்கு நிக்கிறது 220 யூனிட். 500-க்குள்ள வந்துட்டதால 100-லிருந்து 200 வரை 2.35 ரூபாய்தான். பில் வெறும் 329. அதாவது 3,825-ல் 3,496 ரூபாய் மிச்சம். மூணாவது கிலோவாட் இதுக்கு மேல கூட்டித் தர்றது இந்த 329 ரூபாய் மட்டுமே. ஆனா கம்பெனிக்கு அந்த ஒரு கிலோவாட்டில் ரெண்டு மாசத்துக்கு 1,080 ரூபாய் வரும்படி. “மாடி பெருசா இருக்கே சார், மூணே போட்டுடலாம்”னு அவங்க ஏன் சொல்றாங்கன்னு இப்போ புரியுதா? உற்பத்திக்குக் காசு வாங்குறவருக்குப் பெருசு லாபம், பில் கட்டுறவருக்குச் சின்னது லாபம்.

ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் ஓடுற வீடுன்னா பேச்சே இல்லை. அவங்க மொத்த பில்லே 1,175 ரூபாய். இதே ரேட்டில் 2 கிலோவாட் போட்டா கம்பெனிக்கு 2,160 கட்டணும். சோலார் போட்டு செலவைக் கூட்டிக்கிற கதை.

சரி, சொந்தமா வாங்கினா? 2 கிலோவாட்டுக்கு தோராயமா 1,30,000 ரூபாய்னு வச்சுப்போம். உங்க கொட்டேஷன் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மத்திய அரசு மானியம் 60,000. கைக்காசு 70,000. அதை 7 சதவீத வட்டியில் 5 வருஷக் கடனா வாங்கினா மாசம் சுமார் 1,386 இஎம்ஐ. ரெண்டு மாசத்துக்கு 2,772, மிச்சமாகிறது 3,496. முதல் நாளிலிருந்தே கடன் தன்னைத்தானே அடைச்சுக்குது.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். 2 கிலோவாட்டையே ரெஸ்கோவில் போட்டா முதல் வருஷம் 8,016 ரூபாய் மிச்சம். கடனில் வாங்கினா 4,344 தான். முதல் 5 வருஷம் மட்டும் பார்த்தா ரெஸ்கோதான் ஜெயிக்கும். ஆறாவது வருஷம் கடன் முடியுது. அப்போ சொந்தக்காரருக்கு வருஷம் 20,976 மிச்சம். ரெஸ்கோக்காரருக்கு 6,000-க்கும் கீழே, வருஷா வருஷம் இன்னும் குறையும். 4.50 ரூபாய் 15-வது வருஷத்தில் 6.80 ஆயிருக்கும். (EB கட்டணமும் ஏறும்தான். ஆனா எவ்வளவுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. இந்த 3 சதவீதம் எழுதியே இருக்கு.)

கம்பெனிக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகுதுன்னா, ஒரு காரணம் வருமான வரி. தொழில் நடத்துறவருக்கு சோலார் கருவிகள் மேல 40% தேய்மானம் உண்டு. சம்பளக்காரர் தன் வீட்டுக்குப் போட்டா அந்தச் சலுகை கிடையாது. அந்த லாபத்தில் ஒரு பங்காவது யூனிட் ரேட்டில் தெரியணும். 4.50 எனக்கு அப்படித் தெரியலை.

மாரியூருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. பக்கத்தில் வாலிநோக்கம் வரை உப்பளம், எதிரே கடல். உப்புக் காத்து இரும்பைத் தின்னும். ஸ்டாண்டில் துரு, கனெக்டரில் பச்சை பூக்கிறது, பேனல் மேல வெள்ளைப் படலம் எல்லாம் சீக்கிரமே வரும். வயசானவங்க மாடியேறிக் கழுவ முடியாது. இதில் ரெஸ்கோவுக்கு ஒரு பாயின்ட்: உற்பத்தி குறைஞ்சா கம்பெனிக்கும் நஷ்டம், அதனால ஆள் அனுப்புவாங்க. வாங்குறவங்க ஹாட்-டிப் கால்வனைஸ் பண்ண ஸ்டாண்ட், IEC 61701 உப்புக் காற்றுச் சோதனை தேறிய பேனல் ரெண்டையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்க. அரசுத் திட்டத்தில் வெண்டார் 5 வருஷம் பராமரிச்சுத் தரணும். பத்து வருஷம் கழிச்சு இன்வெர்ட்டர் மாத்தவும் கொஞ்சம் எடுத்து வைங்க.

அக்ரிமென்ட்டில் தம்பி கவனிக்காத ஒரு வரி 9-ம் பக்கத்தில் இருந்தது. லைன் கரன்ட் இல்லாததால சோலார் நின்னாலும், ‘உற்பத்தியாகியிருக்க வேண்டிய’ யூனிட்டுக்குக் கட்டணும்னு. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் EB கரன்ட் போனா தானே நின்னுடும். லைனில் வேலை செய்யற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு வச்ச பாதுகாப்பு அது. புயலடிச்சு ரெண்டு நாள் கரன்ட் இல்லைன்னா, இருட்டில் உட்கார்ந்து பில்லும் கட்டணும். இந்த வரியை எடுக்கலைன்னா கையெழுத்தே வேண்டாம்.

வீட்டை விற்கணும்னா, வாங்குறவர் அக்ரிமென்ட்டை ஏத்துக்கணும். இல்லை, பேனலை நீங்க விலைக்கு வாங்கணும். அந்த விலைப் பட்டியலும் இணைப்பில் இல்லை. கம்பெனி மூழ்கினாலும் ஒப்பந்தம் தானா செத்துப்போகாது. அமெரிக்காவில் இந்த மாடலில் பெரிய கம்பெனியா இருந்த சன்னோவா, 2025 ஜூனில் திவால் மனு போட்டது. சூர்ய கர் திட்டத்து ரெஸ்கோவில் குறைந்தது 5 வருஷம் கழிச்சு பேனல் வீட்டுக்காரர் பேருக்கு வரணும். இந்த 25 வருஷ ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சே இல்லை.

கல்லூரி, பெரிய கடைன்னா என் பதில் மாறும். அவங்களுக்கு இலவச 100 யூனிட்டும் இல்லை, இந்த வீட்டு மானியமும் இல்லை.

தம்பிகிட்ட 2 கிலோவாட், கடனில் வாங்குங்கன்னு சொன்னேன். “EB கனெக்‌ஷன் இன்னும் தாத்தா பேர்ல இருக்கேண்ணா” என்றார். அப்போ முதல்ல அதை அப்பா பேருக்கு மாத்தணும். அது முடிஞ்சப்புறம்தான் pmsuryaghar.gov.in.